ஓடூவா, ஈஆர்பிநெக்ஸ்டா: ஃபாலோ-அப் எங்கே நழுவுகிறது?

மூன்று நான்கு பேர் கொண்ட விற்பனைக் குழுவுக்கு சி.ஆர்.எம். தேடும்போது கண்ணில் படும் பெயர்களில் ஓடூவும் ஈஆர்பிநெக்ஸ்டும் உண்டு. ஓடூவின் கம்யூனிட்டி பதிப்பையும் ஈஆர்பிநெக்ஸ்டையும் சொந்த சர்வரில் உரிமக் கட்டணம் இல்லாமல் ஓட்டலாம். லீட், ஆப்பர்சூனிட்டி, கொட்டேஷன் எல்லாம் இரண்டிலும் இருக்கின்றன. "தீபாவளி கழிச்சுப் பேசுங்க" என்று வாடிக்கையாளர் சொன்ன பிறகுதான் வித்தியாசம் தெரியும்.

கோவையில் பேக்கிங் மெஷின் விற்கும் ஒரு குழு என்று வைத்துக்கொள்வோம். பொள்ளாச்சியில் சிப்ஸ் போடும் ஒருவர் 4.5 லட்ச ரூபாய் மெஷினுக்கு ஆன்லைனில் விசாரிக்கிறார். மறுநாள் அவரே போன் செய்ய, வேறொரு சேல்ஸ்மேன் எடுத்து இன்னொரு லீட் போடுகிறார். ஓடூ மின்னஞ்சலை மட்டுமல்லாமல் போன் எண்ணையும் ஒப்பிட்டு, இதே மாதிரி இன்னொரு லீட் இருக்கிறது என்று அந்தப் பக்கத்திலேயே காட்டும், இரண்டையும் ஒன்றாக்கிவிடலாம். ஈஆர்பிநெக்ஸ்ட் தானாகப் பார்ப்பது மின்னஞ்சலை மட்டும். நம் ஊரில் பாதி விசாரணைகள் மின்னஞ்சலே இல்லாமல் வருகின்றன. மொபைல் எண் ஃபீல்டை `Customize Form`-இல் `Unique` ஆக்கலாம்தான். ஆனால் ஒருவர் +91 போட்டும் இன்னொருவர் போடாமலும் எழுதினால் அதுவும் பிடிபடாது.

இப்போது நினைவூட்டல். ஓடூவில் ஆப்பர்சூனிட்டி அட்டையிலேயே ஒரு ஆக்டிவிட்டி போடுகிறோம்: போன் கால், இந்தத் தேதி, இன்னார் பேச வேண்டும். அதற்கு முன்புவரை அட்டையில் பச்சை, அன்றைக்கு ஆரஞ்சு, தாண்டினால் சிவப்பு. பேசி முடித்து `Done` அழுத்தும்வரை அந்தச் சிவப்பு போகாது. மேலாளர் காலையில் பைப்லைனைத் திறந்தால் யார் எதை விட்டார்கள் என்று கேட்கவே வேண்டாம். ஓட்டை வேறிடத்தில் இருக்கிறது. சேல்ஸ்மேன் பேசி முடித்து `Done` மட்டும் அழுத்திவிட்டு அடுத்த தேதி போடாமல் போனால் அட்டை சாம்பல் நிறமாகிவிடும். அதை எந்த நிறமும் இனி நினைவுபடுத்தாது. அதனால் சிவப்பைவிட சாம்பலைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும். ஆக்டிவிட்டி வகையிலேயே `Trigger Next Activity` என்று அமைத்துவிட்டால், ஒன்று முடிந்ததும் அடுத்தது தானாக வந்து நிற்கும். இன்னொன்று: தள்ளிப்போடும் வாடிக்கையாளரை `Lost` ஆக்கிவிடாதீர்கள். அட்டை பைப்லைனிலிருந்தே மறைந்துவிடும்.

ஈஆர்பிநெக்ஸ்டில் முன்பு லீடிலேயே அடுத்து எப்போது பேச வேண்டும் என்ற ஃபீல்டு இருந்தது. 14-ஆம் பதிப்பில் எடுத்துவிட்டார்கள். இப்போது ஆப்பர்சூனிட்டிக்குள் டாஸ்க் அல்லது ஈவென்ட் போடலாம். ஈவென்டுக்குக் காலையில் மின்னஞ்சல் வரும். கொஞ்சம் மெனக்கெட்டால் நாமே ஒன்று செய்துகொள்ளலாம்: ஆப்பர்சூனிட்டியில் ஒரு தேதி ஃபீல்டு சேர்த்து, ஒரு நோட்டிஃபிகேஷன் அமைத்து, `Days Before` 0 என்று வைத்து, நிபந்தனையாக இதைக் கொடுக்க வேண்டும்:

```
doc.status in ("Open", "Quotation", "Replied")
```

வேலை செய்யும், ஆனால் அந்த ஒரு நாள் மட்டும். அன்றைக்கு சேல்ஸ்மேன் லீவு என்றால் மின்னஞ்சல் மற்றவற்றின் அடியில் போய்விடும்; மறுநாள் திரும்ப வராது. `Days After` 2 என்று இன்னொன்று அமைத்து, அதை மேலாளருக்கும் அனுப்புவது நல்லது. சர்வரில் இவற்றைத் தானாக அனுப்பும் ஷெட்யூலர் நின்றிருந்தால் எதுவுமே வராது, வராததும் யாருக்கும் தெரியாது. `CRM Settings`-இல் இன்னொரு பொறி: `Replied` நிலையில் இருக்கும் ஆப்பர்சூனிட்டிகளைக் குறிப்பிட்ட நாட்களுக்குப் பிறகு தானாக மூடும் அமைப்பு ஒன்று உண்டு. இயல்பாக 15 நாள். தீபாவளி ஒரு மாதம் தள்ளி என்றால், நினைவூட்டும் தேதி வரும்போது, `Replied` நிலையில் இருந்த நம் பொள்ளாச்சிக்காரர் `Closed` ஆகியிருப்பார். மேலே உள்ள நிபந்தனையும் அவரை விட்டுவிடும். அந்த எண்ணை முதலில் கூட்டிவையுங்கள்.

கொட்டேஷன் கட்டத்தில் கதை மாறுகிறது. ஈஆர்பிநெக்ஸ்டில் ஆப்பர்சூனிட்டியிலிருந்து கொட்டேஷன் போட்டு சப்மிட் செய்தால் அதன் நிலை தானாக `Quotation` ஆகும். விலை சொல்லிவிட்டு சும்மா இருக்கும் கேஸ்களை ஒரே ஃபில்டரில் எடுத்துவிடலாம். ஓடூவில் கொட்டேஷன் அனுப்பினாலும் அட்டையைக் கையால்தான் அடுத்த கட்டத்துக்கு இழுக்க வேண்டும். பிஸியான நாளில் யாரும் இழுப்பதில்லை.

பில்லிங், ஸ்டாக் எல்லாம் ஏற்கெனவே ஈஆர்பிநெக்ஸ்டில் ஓடுகிறது என்றால், ஃபாலோ-அப்புக்காக மட்டும் ஓடூவுக்குத் தாவ வேண்டாம். மேலே சொன்ன இரண்டு நோட்டிஃபிகேஷன்களைப் போட்டு, 15 நாள் எண்ணை மாற்றினால் ஓரளவு சமாளிக்கலாம். புதிதாகத் தொடங்குகிறீர்கள், அலுவலகத்தில் டெக்னிக்கல் ஆள் இல்லை, விற்பனை முழுக்கப் போனில்தான் என்றால் என் ஓட்டு ஓடூவுக்கு.