சுங்குடிக் கடைக்கு இரண்டு மொழியில் பதிவு போடுவது: சில வருட அனுபவம்

மதுரை விளக்குத்தூண் பக்கம் இருக்கும் ஒரு சுங்குடிச் சேலைக் கடையின் இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக், எக்ஸ் கணக்குகளைச் சில வருடங்களாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன். கடைக்கார அக்காவின் தம்பி மகன் பெங்களூரிலிருந்து ஆங்கிலத்தில் எழுதி அனுப்புவான். அதைத் தமிழில் கொண்டுவருவது என் வேலை. சில நாள் அக்காவே குரல் பதிவு அனுப்புவார். அது ஆங்கிலத்துக்குப் போக வேண்டும். இதே வேலையைச் செய்பவர்களுக்குப் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

எக்ஸில் ஒரு பதிவு 280 எழுத்துக்குள் முடிய வேண்டும். அந்த எழுத்துக் கணக்கில்தான் பலர் குழம்புகிறார்கள். நாம் மதுரை என்பதை மூன்று எழுத்தாகப் பார்க்கிறோம். எக்ஸ் அதை ஐந்தாக எண்ணும்: ம, த, உகரக் குறி, ர, ஐகாரக் குறி. புள்ளியும் ஒவ்வோர் உயிர்க் குறியும் தனித்தனிக் கணக்கு. சுங்குடி பார்வைக்கு நான்கு, கணக்கில் எட்டு. ஆனால் ஆங்கிலத்தில் Sungudi என்று அடித்தாலும் ஏழு ஆகிறதே! பெயர்ச்சொற்களில் நமக்குப் பெரிய நஷ்டம் கிடையாது. இடத்தைத் தின்பது மரியாதை விகுதி போட்ட வினைச்சொற்கள்தான். பெற்றுக்கொள்ளுங்கள் என்ற ஒற்றைச் சொல்லுக்கு 19 போய்விடும். வாங்க என்றால் 5.

எண்ணிப் பார்க்கத் தனிச் செயலி எதுவும் வேண்டாம். நான் கூகுள் ஷீட்டில் ஒரு பத்தியில் பதிவையும் பக்கத்துப் பத்தியில் இந்தச் சூத்திரத்தையும் வைத்திருக்கிறேன்:

```
=LEN(A1)
```

தமிழுக்கு இது எக்ஸின் கணக்கோடு ஒத்துப்போகும். சில இடங்களில் மட்டும் வேறுபாடு வரும். ரூபாய்க் குறி ₹ எக்ஸில் இரண்டாக எண்ணப்படும், எமோஜி எதுவானாலும் இரண்டுதான். இணைப்பு எவ்வளவு நீளமாக இருந்தாலும் 23 தான்.

இன்ஸ்டாகிராமில் 2,200 வரை எழுதலாம் என்பதால் அங்கே கவலை இல்லை என்று நினைக்கக் கூடாது. திரையில் முதலில் தெரிவது ஒன்றிரண்டு வரிதான், மீதி மடிந்துவிடும். சுமார் 125 எழுத்து தெரியும் என்பார்கள். அது ஆங்கிலத்துக்குச் சொன்ன கணக்கு. நம் எழுத்துகள் அகலமானவை, அதனால் இன்னும் முன்னாலேயே வெட்டு விழும். மொழிபெயர்ப்பின் முதல் வரியை அந்த இடம் எதைக் காட்டுமோ அதற்கேற்ப அமைக்க வேண்டியிருக்கிறது.

போன சித்திரைத் திருவிழாவுக்குப் போட்ட பதிவையே சொல்கிறேன். பெங்களூரிலிருந்து வந்த ஆங்கிலம் திருவிழா வாழ்த்தில் தொடங்கி, ஹர்ரி அப், லிமிடெட் ஸ்டாக் என்று முடிந்தது. அதை வரிக்கு வரி தமிழாக்கினால் ‘சித்திரைத் திருவிழாவை முன்னிட்டு எங்கள் வாடிக்கையாளப் பெருமக்களுக்கு’ என்றுதான் ஆரம்பிக்கும். இதற்கே 68 செலவு, சேலை என்ற பேச்சே இன்னும் வரவில்லை. அதைத் தூக்கிவிட்டு இப்படி மாற்றினேன்:

கட்டுச் சுங்குடி, சுத்தப் பருத்தி, விலை ₹1,450.
சித்திரைத் திருவிழாவுக்குப் பத்துச் சேலைதான் கட்டி வந்திருக்கு.
5.5 மீட்டர், பிளவுஸ் தனி. முதல் தடவை உப்புத் தண்ணியில தனியா அலசுங்க.
கடைக்கு வாங்க, இல்லேன்னா வாட்ஸப்ல கேளுங்க.
#சுங்குடி #MaduraiSungudi

எக்ஸின் கணக்கில் இது 250. ஓர் இடைவெளி விட்டு இணைப்பும் சேர்த்தால் 274, அதாவது 280-க்குள் முடிந்துவிடுகிறது. இன்ஸ்டாகிராமிலும் இதே பதிவுதான். மடிப்புக்கு முன்னால் ரகமும் விலையும் தெரிந்துவிடுவதால் ‘பிரைஸ் ப்ளீஸ்’ கேள்விகள் வெகுவாகக் குறைந்தன.

முதல் வரியில் ‘கட்டு’ என்று வைத்ததற்குக் காரணம் உண்டு. துணியை நூலால் முடிச்சுப் போட்டுச் சாயத்தில் முக்குவது ஒரு ரகம்; புள்ளிகளை அச்சில் அடிப்பது இன்னொன்று. பார்த்தால் தெரியும்: முடிச்சுப் போட்ட புள்ளி ஒன்றைப் போல இன்னொன்று இருக்காது, அச்சுப் புள்ளி எல்லாம் ஒரே அளவு. விலை வித்தியாசமே அதில்தான் இருக்கிறது. ஆங்கிலப் பதிவில் இது மூன்றாவது வாக்கியத்தில் ஒளிந்திருந்தது.

அடுத்தது தொனி. ‘முந்துங்கள்’, ‘வாய்ப்பை நழுவவிடாதீர்கள்’ என்றெல்லாம் எழுதினால் ஆடித் தள்ளுபடி நோட்டீஸ் வாசனை வந்துவிடும். அக்கா கடையில் யாரையும் அப்படி அவசரப்படுத்தமாட்டார். ‘பத்துத்தான் வந்திருக்குக்கா, பிடிச்சா எடுத்து வச்சிர்றேன்’ என்பார். அந்த உண்மையான எண்ணிக்கையைப் போட்டாலே அவசரம் தானாக வந்துவிடுகிறது. அதற்காக முழுக்கப் பேச்சுத் தமிழிலும் எழுதுவதில்லை. விலை, அளவு, ரகம் எழுத்து நடையில் இருக்கும். அழைப்பும் அலசும் பக்குவமும் பேச்சில் இருக்கும். கடை விடுமுறை, விலை மாற்றம், பணம் திருப்பித் தருவது போன்ற அறிவிப்புகளில் ‘ங்க’ போடாமல் முழு எழுத்து நடைக்கே போய்விடுவேன். பிரச்சினை வரும்போது எடுத்துக் காட்டும் வரிகள் அவை.

தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகும்போது உப்புத் தண்ணீர் வரிதான் முதலில் வெட்டுப்படும், ஏனென்றால் அது அழகாக இல்லை. ஒருமுறை பெங்களூரில் அதை எடுத்துவிட்டார்கள். வெளியூரிலிருந்து வாங்கியவர் மற்ற துணிகளோடு போட்டு, சாயம் இறங்கி, படத்தோடு கமெண்ட் போட்டார். மதுரைக்காரருக்குச் சொல்லாமலே தெரியும். ஆங்கிலம் படிப்பவருக்குத்தான் அந்த வரி கட்டாயம் வேண்டும்.

ஹேஷ்டேக் நடுவாக்கியத்தில் வரக் கூடாது என்பது என் கட்சி. ஆங்கிலத்தில் அது செல்லும். நமக்கு வேற்றுமை உருபு சொல்லோடு ஒட்டிக்கொள்ளும்: #மதுரையில் என்று போட்டால் அது #மதுரை கூட்டத்தில் சேராது, வேறு டேக் ஆகிவிடும். ஒற்றும் அப்படியே. #மதுரைசுங்குடி, #மதுரைச்சுங்குடி, #மதுரை_சுங்குடி மூன்றும் மூன்று தனி டேக். இலக்கணப்படி இரண்டாவதுதான் சரி. ஆனால் கடைசியாக நான் தேடிப் பார்த்தபோது அதில் ஆளே இல்லை. டேக்கை மொழிபெயர்ப்பதை விட்டுவிட்டு, தேடல் பெட்டியில் அடித்துப் பார்த்து, எதில் நேற்றும் முந்தாநாளும் பதிவு வந்திருக்கிறதோ அதை எடுத்துக்கொள்கிறேன். தமிழர்களே ஆங்கில எழுத்தில்தான் அதிகம் தேடுகிறார்கள் என்பதால் ஒன்று தமிழில், ஒன்று ஆங்கிலத்தில். ஆங்கில டேக்கில் பெரிய எழுத்து சின்ன எழுத்து பேதம் கிடையாது. படிக்க வசதியாக M, S பெரிதாக வைத்துக்கொள்ளலாம்.

அச்சகத்தில் போஸ்டர் அடித்த தம்பியிடமிருந்து வாசகத்தை வாங்கி ஒட்டுவதில் ஒரு சிக்கல் வரும். அவர்கள் இன்னமும் பாமினி எழுத்துருவில் அடிக்கிறார்கள். அங்கே மதுரை என்று தெரிவது இங்கே kJiu என்று விழும். யூனிகோடுக்கு மாற்றி எடுத்த பிறகும் ஒருமுறை கண்ணால் படியுங்கள். கௌ என்ற எழுத்து கெ, ள என்று இரண்டாகப் பிரிந்து வந்திருந்தால் பார்வைக்குத் தெரியாது, தேடினால் மட்டும் கிடைக்காது.

வாட்ஸப் ஸ்டேட்டஸுக்கு அதே வாசகத்தை எடுக்கும்போது டேக்குகளை நீக்கிவிடுகிறேன், அங்கே அவற்றுக்கு வேலை இல்லை. விலையை மட்டும் இரண்டு பக்கமும் நட்சத்திரக் குறி போட்டுத் தடித்த எழுத்தாக்குவேன். அங்கிருந்து திரும்ப இன்ஸ்டாகிராமுக்கு ஒட்டினால் அந்த நட்சத்திரங்கள் அப்படியே நிற்கும், அதனால் எப்போதும் ஷீட்டில் இருக்கும் மூலத்திலிருந்துதான் எடுப்பது.