டேங்க் ஜாக்கெட் விற்க வருபவர் துப்பாக்கி மாதிரி ஒன்றைக் காட்டினால் உஷார்

வேலூர் வெயிலைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. எங்கள் மாடியில் இருப்பது ஆயிரம் லிட்டர் கறுப்பு பிளாஸ்டிக் டேங்க். ஏப்ரல் கடைசியில், மதியம் மூன்று மணிக்குக் குழாயைத் திறந்தால் கை வைக்க முடியாது. அந்த நேரத்தில்தான் ஒரு தம்பி வந்தார், தண்ணீர் சூடாகாமல் டேங்க்கைச் சுற்றும் ஜாக்கெட் என்று வெள்ளி நிறத்தில் பளபளவென்று ஒரு ஃபாயில் சுருளும், துப்பாக்கி மாதிரி ஒரு தெர்மாமீட்டரும் கையில்.

மாடிக்கு அழைத்துப் போனார். கறுப்பு டேங்க்கைப் பார்த்துச் சுட்டார், 58. சுருளில் ஒரு முழம் பிரித்து டேங்க்கில் சுற்றி, அதைப் பார்த்துச் சுட்டார், 33. "பார்த்தீங்களாக்கா, இருபத்தஞ்சு டிகிரி." நான் வாயைப் பிளந்தேன். 6,500 ரூபாய் கொடுத்தேன், பில் கூடக் கேட்கவில்லை.

அந்த 33 ஏமாற்று என்று பிறகுதான் புரிந்தது. அந்தத் துப்பாக்கி ஒரு பொருளிலிருந்து வரும் வெப்பக் கதிரை வைத்துத்தான் கணக்குப் போடும், பளபளப்பான ஃபாயில் தன் சூட்டைக் கதிராக மிகக் குறைவாகத்தான் வெளியே விடும், அதனால் துப்பாக்கி ஃபாயிலின் சூட்டை விட்டுவிட்டு அதில் பிரதிபலிக்கும் வானத்தைப் படிக்கிறது. எலக்ட்ரீஷியன் ஒட்டும் கறுப்பு டேப்பில் ஒரு துண்டை ஃபாயில் மேல் ஒட்டி, இரண்டு நிமிடம் விட்டு, டேப்பைப் பார்த்துச் சுட்டால் உண்மை தெரிந்துவிடும். அண்ணன் மகன் அவன் காலேஜ் கருவியை எடுத்து வந்து இப்படிச் செய்தபோது, ஃபாயிலில் 35, டேப்பில் 51.

சரி, மேல்தோல் எப்படியோ போகட்டும், தண்ணீராவது குளிர்ந்ததா? மீன் தொட்டிக்கு வாங்கிய கண்ணாடி தெர்மாமீட்டரை எடுத்தேன், அது 50 வரைதான் காட்டும். மதியம் மூன்று மணிக்கு முதல் மக்கில் கோடு 50-ஐத் தாண்டிவிட்டது. இரண்டாவது வாளியில் 40. விடியற்காலை ஐந்து மணிக்குப் பிடித்ததில் 36, அப்போது வெளிக்காற்றே 29தான்! தம்பி பக்கவாட்டில் மட்டும் சுற்றிவிட்டு, உச்சி வெயில் நேராக இறங்கும் மூடியையும் தோள்பட்டையையும் அப்படியே விட்டிருந்தார். பகலில் மூடி வழியாக உள்ளே ஏறிய சூட்டை ராத்திரியில் இறங்க விடாமல் போர்வை போல ஜாக்கெட் பிடித்து வைத்துக்கொண்டது.

முதல் மக்கு மட்டும் கொதிப்பதற்குக் காரணம் டேங்க் இல்லை. டேங்க்கிலிருந்து வீட்டுக்குள் இறங்கும் ஒரு அங்குலக் குழாய் மொட்டை மாடியில் நாற்பது அடி வெயிலில் கிடக்கிறது, அதில் ஆறு லிட்டர் தண்ணீர் நிற்கும், அரை வாளிக்குக் கொஞ்சம் குறைவு. உங்கள் வீட்டிலும் அரை வாளிக்குப் பிறகு சூடு சட்டென்று இறங்கினால் குற்றவாளி குழாய். இரண்டு மூன்று வாளி போனபின்பும் சூடாகவே வந்தால் டேங்க்.

இரண்டாம் மாதமே வெள்ளிப்பூச்சு செதில் செதிலாக உரிந்து மழைநீர்க் குழாய் வாயை அடைத்தது. ஃபோன் செய்தேன். "கவருக்குத்தான் வாரண்டிக்கா, தண்ணிக்கு இல்லையே" என்றார். சரி, கவர்தானே உரிகிறது என்றேன். அதற்கப்புறம் எடுக்கவே இல்லை.

வெள்ளை பெயிண்ட் அடிக்கலாமா என்று பெயிண்டரைக் கேட்டால், இந்த பிளாஸ்டிக்கில் சாதாரண பெயிண்ட் பிடிக்காது, உரிந்துவிடும் என்று நேர்மையாகச் சொல்லிவிட்டார். கடைசியில் ஜாக்கெட்டைக் கிழித்து எறிந்துவிட்டு வெல்டரை வைத்து நான்கு கால் இரும்புச் சட்டம் போட்டோம், அதன்மேல் நர்சரிக்காரர்கள் கட்டும் பச்சை நிழல்வலை, வெயிலை 75 சதவீதம் மறைக்கும் ரகம். வலை டேங்க்கைத் தொடக்கூடாது, மேலே ஒன்றரை அடி இடைவெளி விட்டால்தான் காற்று ஓடும், ராத்திரியில் சூடும் வெளியேறும். மேற்குப் பக்கம் மட்டும் தரை வரை தொங்கவிட்டோம், சாய்வெயில் அங்கேதான் அடிக்கும். மொத்தம் 4,200 ரூபாய். குழாய் மேல் பழைய சீமை ஓடுகளைக் கூடாரம் மாதிரி வரிசையாகச் சாய்த்து வைத்தேன்.

மோட்டார் போடும் நேரத்தையும் மாற்றினேன். முன்பு விடியற்காலையில் நிரப்பி, குளித்துத் துவைத்து முடிக்கும்போது டேங்க் பாதி காலியாகிவிடும், பாதித் தண்ணீர் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் சூடாகும். இப்போது பத்து மணிக்கு மறுபடி ஒருமுறை நிரப்பிவிடுகிறேன்.

போன வாரம் மதியம் இரண்டாவது வாளியில் 34. முதல் அரை வாளி இன்னமும் 41 காட்டுகிறது, வெயில் படாவிட்டாலும் அனல்காற்றில் மணிக்கணக்காக நிற்கும் குழாய்த் தண்ணீர் அப்படித்தான் இருக்கும். அதைப் பிடித்து எண்ணெய்ச் சட்டியை ஊறப் போட்டுவிடுகிறேன்.