ஓபன் இன்ட்ரஸ்ட்டை மட்டும் நம்பி ஸ்ட்ரைக் எடுத்த கதை: மூன்று வருட ஒப்ஷன் செயின் அனுபவம்

ஹட்டனில் இருந்துகொண்டு அமெரிக்க ஒப்ஷன் செயின் பார்ப்பது இரவு வேலை. ஒரு பங்கைக் குறித்த விலைக்கு, குறித்த நாளுக்குள் வாங்கும் அல்லது விற்கும் உரிமைதான் ஒப்ஷன். அந்தக் குறித்த விலை ஸ்ட்ரைக், எல்லா ஸ்ட்ரைக்குகளையும் வரிசையாகக் காட்டும் பட்டியல் செயின். நியூயோர்க் சந்தை கோடையில் நமக்கு இரவு 7 மணிக்குத் திறக்கும், குளிர்காலத்தில் 8 மணிக்கு. கணக்கு கனடாவில் இருக்கும் அண்ணனுடையது. நான் இங்கே பயிற்சிக் கணக்கில் பார்த்துச் சொல்வேன், அவர் அங்கே ஓடர் போடுவார். மூன்று வருடமாக இப்படித்தான் ஓடுகிறது.

முதல் வருடம் நான் பார்த்தது ஓபன் இன்ட்ரஸ்ட்டை மட்டுமே, அதாவது இன்னும் மூடப்படாத கொன்ட்ராக்ட்டுகளின் எண்ணிக்கையை. பெரிய எண் இருந்தால் நல்ல ஸ்ட்ரைக், அவ்வளவுதான் என் கணக்கு. அதில் ஒருநாள் வசமாக மாட்டினோம்.

பங்கின் விலை 52.40 டொலர். இரண்டு வாரத்துக்குள் முடியும் வாராந்தர கால் ஒப்ஷன்களில், அதாவது வாங்கும் உரிமையில், 53 ஸ்ட்ரைக்கில் மட்டும் ஓபன் இன்ட்ரஸ்ட் 1,140. பக்கத்து ஸ்ட்ரைக்குகளில் நாற்பது, அறுபதுதான். கடைசியாக விற்ற விலை 1.05. "அண்ணே, 53ஐ எடுங்க" என்றேன். அவரும் இரண்டு கொன்ட்ராக்ட்டுக்கு, கிடைத்த விலைக்கு வாங்கும் மார்க்கெட் ஓடர் போட்டார். விழுந்த விலை 1.35.

"என்னடா தம்பி, 1.05ன்னு தானே சொன்ன?" என்றார். அப்போதுதான் மற்றக் கட்டங்களைப் பார்த்தேன். வாங்க நிற்பவர் தரும் விலையான பிட் 0.85, விற்பவர் கேட்கும் விலையான ஆஸ்க் 1.35. அன்று கைமாறிய வொலியூம் வெறும் 2, அதுவும் நாங்கள் வாங்கியதே. அந்த 1.05 முந்தாநாள் நடந்த வியாபாரம். அதே நிமிடம் விற்றாலும் 0.85தான் கிடைக்கும். ஒரு கொன்ட்ராக்ட் 100 பங்குக்கு என்பதால் ஒன்றுக்கு 50 டொலர், இரண்டுக்கு 100 டொலர், வாங்கிய கணமே போனது. பங்கு ஒரு டொலர் ஏறினால் ஒப்ஷன் எவ்வளவு ஏறும் என்று காட்டும் டெல்டா 0.45 அளவில் இருந்தது. பிட்டுக்கும் ஆஸ்க்குக்கும் உள்ள இடைவெளியான ஸ்ப்ரெட் அப்படியே இருந்தால், போட்ட காசு திரும்பி வருவதற்கே பங்கு கிட்டத்தட்ட ஒரு டொலர் ஏற வேண்டும், அதுவும் சீக்கிரமாக. நாள் போகப்போக ஒப்ஷனின் மதிப்பு கரையும் அல்லவா?

அந்த 1,140 எப்படி வந்திருக்கும்? யாரோ ஒருவர் ஒரே தடவையில் பெரிய அளவில் எடுத்து, அப்படியே வைத்திருக்கலாம். ஓபன் இன்ட்ரஸ்ட் நாளுக்கு ஒரு தடவைதான் மாறும், அதாவது நாம் பார்ப்பது நேற்றைய கணக்கு. நிறையப் பேர் உள்ளே இருக்கிறார்கள் என்பதற்காக, இன்று யாரோ வாங்க நிற்கிறார்கள் என்று அர்த்தமில்லை. வொலியூம்தான் இன்றைய நடமாட்டம். அதிலும் ஒரு பொறி உண்டு: 400 என்று காட்டினாலும் அது ஒரே வியாபாரமாக இருக்கலாம். அரை மணி விட்டு மறுபடி பார்த்தால், எண் கூடுகிறதா அப்படியே நிற்கிறதா என்று தெரிந்துவிடும்.

இப்போது நான் முதலில் பார்ப்பது ஸ்ப்ரெட்டை. ஆஸ்க்கிலிருந்து பிட்டைக் கழித்து, இரண்டின் நடு விலையால் வகுப்பேன். அந்த 53இல் 0.50ஐ 1.10ஆல் வகுத்தால் 45 சதவீதம். அதே நேரத்தில் அதே பங்கின் ஒரு மாதத்துக்கு மேல் தள்ளிய மாதாந்தர 55 ஸ்ட்ரைக்கில் பிட் 1.18, ஆஸ்க் 1.24. ஸ்ப்ரெட் 5 சதவீதம். வொலியூம் 870, ஓபன் இன்ட்ரஸ்ட் 6,200. கண்ணுக்கு முன்னாலேயே இருந்தது, நான்தான் பார்க்கவில்லை. பொதுவாக மாதத்தின் மூன்றாவது வெள்ளி முடியும் மாதாந்தரத் தொகுதியில், 50, 55 மாதிரி ஐந்தின் மடங்குகளில்தான் கூட்டம் அதிகம். 10 சதவீதத்துக்கு மேல் போனால் நான் விட்டுவிடுவேன். இது என் சொந்த எல்லை, விதி ஒன்றுமில்லை. மிக மலிவான ஒப்ஷனில் இந்தக் கணக்கு கொஞ்சம் ஏமாற்றும்: பிட் 5 சதம், ஆஸ்க் 6 சதம் என்றால் அதைவிடக் குறைய வழியே இல்லை, ஆனாலும் 18 சதவீதம் காட்டும்.

பகலில் பார்ப்பதிலும் ஒரு சிக்கல். வேலைக்கு நடுவே போனைத் திறந்தால் அங்கே நடுராத்திரி. அப்போது தெரியும் பிட், ஆஸ்க் பழையவை, சிலவேளை பிட் பூச்சியமாகவே கிடக்கும். பகலில் ஓபன் இன்ட்ரஸ்ட்டை வைத்து நாலைந்து ஸ்ட்ரைக்கைக் குறித்துக்கொள்வேன், அவ்வளவுதான். சந்தை திறந்த முதல் இருபது நிமிடமும் ஸ்ப்ரெட் அகலமாக இருக்கும். சோறு சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தால் சரியாக இருக்கும்.

பயிற்சிக் கணக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் பாவித்ததில் எந்த ஸ்ட்ரைக்கிலும் நடு விலையிலேயே ஓடர் விழுந்துவிடும். அந்த 53கூட அங்கே 1.10க்குக் கிடைத்தது. அதனால்தான் ஒரு வருடமாக ஸ்ப்ரெட் வலிக்கவே இல்லை.

மார்க்கெட் ஓடர் இப்போது போடுவதேயில்லை. நடு விலையில், அதற்கு மேல் கொடுக்காத லிமிட் ஓடர் போட்டு, இரண்டு மூன்று நிமிடம் பார்த்து, ஒரு சதம் ஒரு சதமாக ஏற்றுவோம். ஆஸ்க்கை நெருங்கியும் விழவில்லை என்றால் ரத்து. ஒவ்வொரு தடவையும் நேரம், பிட், ஆஸ்க், விழுந்த விலை நான்கையும் சீ.ஆர். கொப்பியில் எழுதுகிறேன். அந்த 53ஐ நான்கு நாள் கழித்து 0.70க்கு விற்றோம். பங்கு அப்போது 52.60.