வீட்டுக்காரருக்கு முதல் செய்தி: ஒரு வீடு, மூன்று வரைவுகள்

பாளையங்கோட்டை பெருமாள்புரத்தில் முதல் மாடி, இரண்டு படுக்கையறை, வாடகை 9,000, அட்வான்ஸ் 50,000, குடும்பத்தினருக்கு மட்டும். இப்படி ஒரு விளம்பரமும் வாட்ஸ்அப் எண்ணும் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். கேட்பவர் மதுரையிலிருந்து மாற்றலாகி வருகிறார். மனைவி, பள்ளி செல்லும் மகள், முழங்கால் வலியுள்ள தாயார். ஜூன் தொடக்கத்தில் குடிவர வேண்டும்.

முதல் வரைவு, பலரும் அனுப்புவது:

"வீடு இருக்கிறதா? கடைசி வாடகை எவ்வளவு? போட்டோ அனுப்பவும்."

சுருக்கம் இதன் குற்றமன்று. விளம்பரத்தில் வாடகை இருக்கும்போது 'கடைசி' என்று கேட்டால், வீட்டைப் பார்க்கும் முன்பே பேரம் தொடங்கிவிடுகிறது. 'அனுப்பவும்' என்பது அலுவலகச் சுற்றறிக்கையின் தொனி. எழுதியவர் யார், எத்தனை பேர், எப்போது வருவார் என்பதையெல்லாம் வீட்டுக்காரரே கேட்டுக் கேட்டு வாங்க வேண்டும். தரகர்களும் இப்படித்தான் எழுதுவார்கள். அதனாலேயே பதில் வராமல் போக வாய்ப்பு அதிகம்.

இரண்டாவது, நேர் எதிர்:

"மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்குப் பணிவான வணக்கம். தங்கள் மேலான விளம்பரத்தைக் கண்டு பெருமகிழ்ச்சி அடைந்தோம். நாங்கள் மிகவும் சிரமத்தில் வீடு தேடி வருகிறோம். தாங்கள் பெரிய மனது வைத்து உதவுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்."

ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளில் கொடுக்கலாம் போலிருக்கிறது. இவ்வளவு பணிவுக்குப் பிறகும், என்ன வேண்டும் என்பது தெரியவில்லை. வீட்டைப் பார்க்க வேண்டுமா, வாடகையைக் குறைக்க வேண்டுமா? தவிர, 'மிகவும் சிரமத்தில்' என்று எழுதியவர் பிறகு அட்வான்ஸைக் குறைத்துப் பேசுவது கடினம். வேறு வழியில்லாதவர் என்று அவரே சொல்லிவிட்டாரே.

மூன்றாவது:

"வணக்கம் ஐயா. பெருமாள்புரம் முதல் மாடி வீட்டு விளம்பரம் பார்த்தேன். நான் மதுரையில் வங்கியில் வேலை செய்கிறேன். பாளையங்கோட்டைக்கு மாற்றலாகி வருகிறேன். நான், மனைவி, ஏழாம் வகுப்பு படிக்கும் மகள், என் தாயார் என நான்கு பேர். ஜூன் முதல் வாரம் குடிவர விரும்புகிறோம். தாயாருக்கு முழங்கால் வலி உண்டு. மாடிப்படியில் கைப்பிடி இருக்கிறதா? வீடு இன்னும் காலியாக இருந்தால் சனிக்கிழமை மாலையோ ஞாயிறு காலையோ வந்து பார்க்கலாமா?"

என் தேர்வு இதுதான். மரியாதை 'ஐயா'விலும் 'பார்க்கலாமா'விலும் அடங்கிவிட்டது. மிச்ச இடமெல்லாம் செய்திக்கு. கடைசிக் கேள்விக்கு 'சனிக்கிழமை வாருங்கள்' என்று இரண்டே சொல்லில் பதில் போடலாம். கைப்பிடிக் கேள்வியும் வீண் விசாரணையன்று. இல்லை என்றால் மதுரையிலிருந்து வரும் பயணம் மிச்சம். ஒப்பந்தத்தையே முறிக்கக்கூடிய ஒன்றை மட்டும் முதலிலேயே கேட்கலாம் அல்லது சொல்லிவிடலாம். நாய் வளர்ப்பவர்கள் அதை இங்கேயே எழுதிவிட வேண்டும். தாமிரபரணித் தண்ணீர் குழாயில் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது, மின்கட்டணம் தனி மீட்டரா என்பவற்றை நேரில் கேட்டுக்கொள்ளலாம்.

விளிப்பில் ஒரு எச்சரிக்கை. நெல்லையில் 'அண்ணாச்சி' மரியாதைச் சொல்தான். ஆனாலும் முகம் தெரியாத வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியராக இருக்கலாம், பெண்ணாகவும் இருக்கலாம். விளம்பரத்தில் பெயர் இல்லையென்றால் 'ஐயா'வையும் விட்டுவிட்டு வெறும் 'வணக்கம்' போடுவது நல்லது. அண்ணாச்சி உறவு நேரில் பார்த்தபின் தானே வரும்.

அட்வான்ஸ் விஷயத்தில்தான் தொனி அதிகம் தடுமாறும். தமிழ்நாட்டில் 2019இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டத்தின்படி, வேறு உடன்பாடு இல்லாவிட்டால் முன்பணம் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது. இந்த வீட்டுக்கு அது 27,000. விளம்பரமோ 50,000 கேட்கிறது. 'சட்டப்படி 27,000தான் வாங்க முடியும்' என்று முதல் செய்தியிலேயே எழுதினால் குடியேறும் முன்பே வழக்காளி ஆகிவிடுவீர்கள். அதற்காக '50,000 சம்மதம்' என்று எழுதிக் கொடுத்துவிடவும் வேண்டாம். 'வேறு உடன்பாடு' என்று காட்ட அதுவே இடம் தரும். முதல் செய்தியில் அட்வான்ஸைத் தொடாமல் விடுங்கள். வீடு பிடித்தபின், 'மூன்று மாத வாடகை கொடுத்து ஒப்பந்தம் எழுதிக்கொள்ளலாமா ஐயா?' என்று நேரில் கேட்டால் அதே சட்டம் வேண்டுகோளாக ஒலிக்கும்.

பதில் வராவிட்டால் மறுநாள் மாலை ஒரே ஒரு முறை நினைவூட்டலாம்: 'வணக்கம் ஐயா, பெருமாள்புரம் வீடு பற்றி நேற்று எழுதியிருந்தேன். முடிந்துவிட்டதென்றால் ஒரு வார்த்தை சொல்லுங்கள், வேறு இடம் பார்த்துக்கொள்கிறேன்.' கேள்விக்குறிகளை மட்டும் வரிசையாக அனுப்புவதைவிட நேரே போன் செய்துவிடலாம், மதியத் தூக்க நேரம் கழித்து.