ஒன்றரை டன் ஸ்பிளிட் ஏசியைக் கிளப்ப எத்தனை கேவிஏ வேண்டும்? மண்டபம் ஊரில் சில வருடம் ஓட்டிப் பார்த்த அனுபவம்

ராமநாதபுரம் பக்கம் ஜெனரேட்டர் விசாரிக்கப் போனால் கடையில் முதலில் கேட்பது "ஏசி எத்தனை வாட்ஸ்?" என்பதுதான். ஒன்றரை டன் என்றால் 1600, 1700 வாட்ஸ் வரும். "அப்ப 2.5, 3 கேவிஏ தாராளம்" என்பார்கள். ஓடிக்கொண்டிருக்கிற ஏசிக்கு அந்தக் கணக்கு சரி. நின்றுகொண்டிருக்கிற ஏசியைக் கிளப்புவதற்கு அது உதவாது. எங்கள் வீட்டில் இருப்பது இன்வெர்ட்டர் வகை இல்லாத, பழைய ஒரே வேகக் கம்ப்ரசர் உள்ள ஏசி. அதே மாதிரி வைத்திருப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

மண்டபத்தில் எங்கள் வீடு கடலுக்குப் பக்கத்தில். அப்பா படுக்கையில் இருப்பவர். மே மாதத்தில் கரண்ட் போனால் அந்த அறையில் மின்விசிறி மட்டும் போதாது. ஜெனரேட்டர் வாங்கும் முன்பே, மச்சான் வைத்திருந்த 3 கேவிஏ பெட்ரோல் ஜெனரேட்டரைக் கொண்டுவந்து, எலக்ட்ரீசியன் அண்ணனையும் கூப்பிட்டு, ஏசியை அளந்து பார்த்தோம்.

இதற்குச் சாதாரண கிளாம்ப் மீட்டர் போதாது. கிளம்பும்போது வரும் இழுப்பு அரை விநாடிகூட நிற்காது, மீட்டரில் எண் மாறுவதற்குள் முடிந்துவிடும். இன்ரஷ் எனப்படும் இந்தக் கிளம்பும் இழுப்பின் அளவைப் பிடித்து வைக்கும் பட்டன் உள்ள மீட்டர் வேண்டும். இபி சப்ளையில், அவுட்டோர் யூனிட்டுக்குப் போகும் ஒற்றை ஒயரில் மாட்டி அளந்தோம். ஓடும்போது 7.4 ஆம்பியர், கிளம்பும்போது 38. கிட்டத்தட்ட ஐந்து மடங்கு. கம்ப்ரசர் உடம்பில் ஒட்டியிருக்கும் சீட்டில் எல்.ஆர்.ஏ. என்று ஓர் எண் இருக்கும். சுழலாமல் நிற்கும் மோட்டார் இழுக்கும் ஆம்பியர் அது. மீட்டர் இல்லாதவர்கள் அந்த எண்ணைப் பார்த்துக்கொள்ளலாம்.

230 வோல்ட்டை 38 ஆல் பெருக்கினால் 8740, அதாவது 8.74 கேவிஏ வரும். அப்படியென்றால் ஒன்பது கேவிஏ ஜெனரேட்டர் வாங்க வேண்டுமா? வேண்டாம். இழுப்பு வந்ததும் ஜெனரேட்டரின் வோல்டேஜ் இறங்கும், வோல்டேஜ் இறங்கினால் கம்ப்ரசர் இழுக்கும் ஆம்பியரும் இறங்கும். ஆனால் அதோடு மோட்டாரின் திருகு விசையும் குறையும், அதுவும் வோல்டேஜின் வர்க்கக் கணக்கில். வோல்டேஜ் முக்கால் பங்கானால் விசை பாதிக்குச் சற்று மேல்தான் மிஞ்சும். அந்த மிச்ச விசையில் கம்ப்ரசர் சுழலத் தொடங்குமா என்பதுதான் கேள்வி.

மச்சானின் 3 கேவிஏவில் போட்டபோது வோல்டேஜ் 130க்கு விழுந்தது. மோட்டாருக்குக் கிடைத்தது வழக்கமான விசையில் மூன்றில் ஒரு பங்கு. இன்ஜின் சத்தம் கனத்து அமுங்கியது, பல்பு மங்கியது, வெளியே கம்ப்ரசர் 'ம்ம்ம்' என்று முனகியது. சில விநாடியில் 'டிக்' என்று ஒரு சத்தம், அப்புறம் எல்லாம் இலேசாகிவிட்டது. கம்ப்ரசரின் ஓவர்லோடு தன்னைத் துண்டித்துக்கொண்ட சத்தம் அது. இந்த முனகலும் டிக்கும் கேட்டால் மறுபடி மறுபடி போட்டுப் பார்க்காதீர்கள். ஒவ்வொரு முறையும் வைண்டிங் சூடாகும்.

பிறகு கடையிலிருந்து 5 கேவிஏ ஒன்றை வரவழைத்தோம். தொடர்ந்து தரும் திறன் 4.5 என்று போட்டிருந்தது. பெரிய எழுத்தில் இருக்கும் எண்ணை விட்டுவிட்டு இந்த எண்ணைத்தான் பார்க்க வேண்டும். இதில் வோல்டேஜ் 170 வரை இறங்கியது, கம்ப்ரசர் கண்சிமிட்டும் நேரத்தில் பிடித்துக்கொண்டது, வோல்டேஜும் ஏறிவிட்டது. அதையே வாங்கினோம். கிளம்பும் இழுப்பைக் கேவிஏவில் கணக்கிட்டு, அதில் பாதியாவது ஜெனரேட்டரின் தொடர் திறனாக இருக்க வேண்டும் என்பது இதிலிருந்து நான் வைத்துக்கொண்ட கணக்கு. வோல்டேஜைத் தானாகச் சீராக வைக்கும் ஏவிஆர் உள்ள சாதாரண ஜெனரேட்டருக்குத்தான் இது பொருந்தும். சத்தம் குறைவான இன்வெர்ட்டர் ஜெனரேட்டர்கள் இப்படித் தாக்குப்பிடிக்காது, இழுப்பு எல்லை தாண்டியதும் சட்டென்று துண்டித்துவிடும்.

வீட்டில் ஓட்டத் தொடங்கியதும் ஸ்டெபிலைசர் குறுக்கே வந்தது. வோல்டேஜ் 170க்கு இறங்கும் அந்தக் கணத்தில் அது லோ வோல்டேஜ் என்று நினைத்துத் துண்டிக்கும், மூன்று நிமிடம் காத்திருந்து மறுபடி முயலும், மறுபடி துண்டிக்கும். ஏவிஆர் சரியாக 230 தருகிறதா என்று பார்த்துவிட்டு, ஜெனரேட்டரில் ஓடும்போது மட்டும் ஸ்டெபிலைசரைத் தாண்டிப் போகும்படி அண்ணன் ஒரு சுவிட்ச் வைத்துக் கொடுத்தார். அன்றோடு அந்தத் தொல்லை தீர்ந்தது.

இன்னொன்றைப் பலரும் யோசிப்பதில்லை. இழுப்பு ஒரே ஒரு முறை வருவதில்லை. அறை குளிர்ந்து தெர்மோஸ்டாட் கட் ஆகி, திரும்பக் கம்ப்ரசர் போடும் ஒவ்வொரு முறையும் வரும். அப்போது பிரிட்ஜும் விசிறிகளும் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும். அதனால் முதல் தடவை ஏசியைத் தனியாகக் கிளப்பிப் பார்த்துவிட்டுத் திருப்திப்பட வேண்டாம். வழக்கமாக ஓடும் எல்லாவற்றையும் போட்டுவிட்டு, ஏசியை நிறுத்தி, மூன்று நான்கு நிமிடம் விட்டு மறுபடி கிளப்பிப் பாருங்கள். அந்த இடைவெளி கட்டாயம். குழாய்க்குள் அழுத்தம் சமமாகும் முன் போட்டால் எந்த ஜெனரேட்டரும் திணறும். தண்ணீர் மோட்டாரை நாங்கள் ஏசியோடு சேர்த்துப் போடுவதே இல்லை.

போன கோடையில் அதே 5 கேவிஏ திடீரென்று ஏசியைக் கிளப்ப மறுத்தது. இபியில் போட்டால் கிளம்புகிறது, ஜெனரேட்டரில் முனகி நிற்கிறது. ஜெனரேட்டர் தேய்ந்துவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். வோல்டேஜ் பார்த்தால் சரியாகவே இருந்தது. அண்ணன் அவுட்டோர் யூனிட்டைத் திறந்து கெப்பாசிட்டரை அளந்தார். 50 மைக்ரோபாரட் இருக்க வேண்டியது 37தான் காட்டியது. கெப்பாசிட்டர் சோர்ந்தால் கிளம்பும் விசை குறையும். இபியில் வோல்டேஜ் அதிகம் இறங்காததால் சமாளித்துவிடும், ஜெனரேட்டரில் மாட்டிக்கொள்ளும். போதாததற்குக் கச்சான் காற்று கொண்டுவந்த உப்பும் மணலும் அவுட்டோர் யூனிட் காயிலின் தகடுகளை அடைத்திருந்தன, சில இடத்தில் தகடு தொட்டால் உதிர்ந்தது. ஓடும் ஆம்பியர் 7.4 இலிருந்து 8.6க்கு ஏறியிருந்தது. கெப்பாசிட்டரை மாற்றி, நல்ல தண்ணீரில் காயிலைக் கழுவியதும் பழையபடி ஒரே பிடியில் கிளம்பியது. இப்போது கோடை தொடங்கும் முன் இந்த இரண்டையும் பார்த்துவிடுகிறோம். கெப்பாசிட்டரில் மின்சாரம் தேங்கி நிற்கும், தெரிந்தவர்தான் கைவைக்க வேண்டும்.

செலவைப் பொறுத்தவரை, அரை விநாடி இழுப்புக்காகப் பெரிய இன்ஜின் வாங்கினால் மிச்ச நேரமெல்லாம் அது பாதிக்கும் குறைவான லோடில் ஓடிப் பெட்ரோல் குடிக்கும். எங்களுக்கு மணிக்கு ஒன்றேகால் லிட்டர் போல ஆகிறது. மச்சான் பிறகு ஒன்றரை டன் இன்வெர்ட்டர் ஏசி வாங்கினான். அதே 3 கேவிஏவில் அது ஒன்றிரண்டு ஆம்பியரில் மெதுவாகத் தொடங்கி, சில நிமிடத்தில் ஆறு ஏழுக்கு ஏறி, அறை குளிர்ந்ததும் இறங்கிவிடுகிறது. முனகலும் இல்லை, பல்பு மங்குவதும் இல்லை. ஏசி, ஜெனரேட்டர் இரண்டையும் புதிதாக வாங்கப் போகிறவர்கள் முதலில் ஏசியை முடிவு செய்யுங்கள். அப்பா அறையில் இருப்பதற்கு ஆயுள் முடிந்தால் நாங்களும் இன்வெர்ட்டர் ஏசிதான் போடுவோம். 5 கேவிஏ தண்ணீர் மோட்டாருக்கு இருக்கட்டும்.