விற்கும்போது பதிவதா, பொறுப்பு மாறும்போது எண்ணுவதா?

மாணவர்கள் நடத்தும் கல்லூரிக் கூட்டுறவு அங்காடியில் ஒவ்வொரு விற்பனையையும் பதிவது முறையானதே. ஆனால் இடைவேளை நெரிசலில் சில பதிவுகள் விடுபட, ஏட்டிலுள்ள இருப்பு அலமாரியில் இருப்பதைவிடக் கூடுதலாகிவிடும்.

பொறுப்பு மாறும்போது இருவரும் சேர்ந்து எண்ணுவது எளிது. காலையில் 120 குறிப்பேடுகள் இருந்து, 48 புதிதாக வந்து, மாலையில் 131 மிஞ்சினால், 37 வெளியேறியுள்ளன. ஒன்று 40 ரூபாய் என்றால் 1,480 ரூபாய் வந்திருக்க வேண்டும். இவ்வாறு எல்லாப் பொருள்களுக்கும் கணக்கிட்ட தொகையைக் கல்லாப் பணத்தோடு ஒப்பிட்டால் குறைவு அன்றே புலப்படும். எனினும் அது திருட்டா, கடனா, சில்லறைத் தவறா என்பதை எண்ணிக்கை சொல்லாது.

ஆகவே வேகமாக விற்பவற்றை எண்ணுவதும், கால்குலேட்டர் போன்ற விலையுயர்ந்த சிலவற்றை மட்டும் விற்கும்போதே பதிவதும் பொருந்தும் என்பேன்.