45,000 ரூபாவை எப்படி எழுதுவது? கடைச் சம்பளத்தில் மூன்று வழிகள்

கல்முனையிலோ காத்தான்குடியிலோ ஒரு புடவைக் கடையில் விற்பனையாளர் ஒருவருக்கு மாதம் 45,000 ரூபா என்று பேசி முடிக்கிறார்கள். பேசிய தொகை ஒன்றுதான். சம்பளப் பதிவில் அதை எழுதும் விதத்தைப் பொறுத்துத்தான் கைக்கு வருவதும் நிதிக்குப் போவதும் மாறும்.

எல்லா வழிக்கும் பொதுவான வீதங்கள் இவை: ஊழியர் சேமலாப நிதியான ஈ.பி.எஃப்.பிற்கு ஊழியர் 8 வீதம், முதலாளி 12 வீதம். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியான ஈ.டி.எஃப்.பிற்கு 3 வீதம். அது முழுக்க முதலாளியின் பொறுப்பு, ஊழியரிடம் ஒரு சதமும் பிடிக்கக் கூடாது. மாதம் 150,000 ரூபா வரை வருமான வரி பிடிப்பதில்லை என்பதால் இங்கே வரியை விட்டுவிடலாம்.

முதல் வழி, 45,000 முழுவதையும் சம்பளமாக எழுதுவது. 8 வீதம் 3,600 போக, கைக்கு 41,400. முதலாளி மேலதிகமாக 5,400உம் 1,350உம் கட்டுகிறார். அவருக்கு மொத்தச் செலவு 51,750. ஊழியரின் ஈ.பி.எஃப். கணக்கில் மாதம் 9,000 விழும்.

இரண்டாவது வழிதான் நம் பக்கத்துக் கடைகளில் அதிகம் காண்பது. அடிப்படைச் சம்பளம் 30,000, போக்குவரத்துக் கொடுப்பனவு 15,000 என்று பிரிப்பது. 30,000 என்ற எண் சும்மா வந்ததல்ல. 2026 ஜனவரியிலிருந்து தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் அதுதான். 8 வீதம் 2,400 மட்டும், கைக்கு 42,600. முதலாளியின் செலவு 49,500. ஊழியருக்கு 1,200 கூடுகிறது, முதலாளிக்கு 2,250 மிச்சம். இந்த 3,450 வானத்திலிருந்து விழவில்லை. அத்தனையும் ஊழியரின் ஈ.பி.எஃப்., ஈ.டி.எஃப். கணக்குகளிலிருந்து குறைந்தது. ஐந்து வருடத்தில் வட்டி சேர்க்காமலே 207,000 ரூபா. அதற்கு ஈடாக அவர் கையில் கண்டது 72,000.

ஓ.டி. செய்பவருக்கு அந்த 1,200உம் நிலைக்காது. கடை, அலுவலக ஊழியரின் மாதச் சம்பளத்தை 240ஆல் வகுத்து ஒன்றரையால் பெருக்கினால் ஒரு மணி நேர ஓ.டி. வரும். 45,000த்திற்கு 281.25 ரூபா, 30,000த்திற்கு 187.50. நோன்பு மாதத்தில் 20 மணி நேரம் கூட நின்றால் முதல் வழியில் 5,625, இரண்டாவதில் 3,750. ஓ.டி.க்கு ஈ.பி.எஃப். பிடிப்பதில்லை. ஆகவே அந்த மாதம் முதல் வழிக்காரர் 47,025 ரூபாவுடன் வீட்டுக்குப் போகிறார், மற்றவர் 46,350 உடன்.

முதலாளிக்கும் இது உறுதியான மிச்சம் அல்ல. பற்றுச்சீட்டு வைத்துத் திருப்பிக் கொடுக்கும் பயணச் செலவுக்கு ஈ.பி.எஃப். இல்லை என்பது சரி. ஆனால் மாதாமாதம் ஒரே தொகையாக, ஆள் லீவில் நின்ற நாட்களுக்கும் சேர்த்துக் கொடுபடுவது பெயரளவில்தான் போக்குவரத்து. தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு போனால் பதிவேட்டில் முதலில் பார்ப்பது அதைத்தான். அது சம்பளம் என்று தீர்மானமானால் நிலுவையோடு தண்டப்பணமும் சேரும். 5 வீதத்தில் தொடங்கி, ஒரு வருடம் தாண்டியதற்கு 50 வீதம். அப்போது பிடிக்காமல் விட்ட ஊழியரின் 8 வீதத்தைப் பிந்திய சம்பளத்தில் கழிக்கவும் முடியாது, முதலாளிதான் கட்ட வேண்டும்.

மூன்றாவது வழி, “கைக்கு 40,000, மற்றதெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்” என்ற பேச்சு. நேர்மையான பேச்சுத்தான், கணக்கில்தான் பிழைக்கிறது. சிலர் 40,000த்தின் மேல் 8 வீதம் கூட்டி 43,200 என்று எழுதுவார்கள். அதில் 8 வீதம் 3,456 போனால் மிஞ்சுவது 39,744. சொன்ன தொகைக்கு 256 ரூபா குறைவு. கூட்டக் கூடாது, 0.92ஆல் வகுக்க வேண்டும். விரிதாளில்:

```
=ROUND(40000/0.92,2)
```

வருவது 43,478.26. இதுதான் சம்பளப் பதிவில் ஏற வேண்டிய தொகை. முதலாளியின் 15 வீதத்தையும் சேர்த்தால் மொத்தச் செலவு சரியாக 50,000. முழுச் சம்பளத்துக்கும் ஒழுங்காகக் கட்டினால் எந்தத் தொகையிலும் இப்படித்தான்: முதலாளி செலவழிக்கும் 100 ரூபாவில் 80 கைக்கு, 20 நிதிகளுக்கு. சம்பளம் பேசும்போதே இந்த 80ஐ வைத்துப் பேசினால் இரு பக்கமும் பிறகு தடுமாறாது.

என் தெரிவு முதல் வழி. கைத்தொகைப் பேச்சு வேண்டுமென்றால், வகுத்து எழுதிய மூன்றாவது வழியும் அதற்குச் சமம்தான்.

தன் சம்பளம் எந்த வழியில் எழுதப்படுகிறது என்று அறிய ஊழியர் யாரையும் கேட்கத் தேவையில்லை. சம்பளச் சீட்டில் ஈ.பி.எஃப். 8 வீதம் என்ற வரியிலுள்ள தொகையை 0.08ஆல் வகுத்துப் பார்க்கலாம். 2,400 இருந்தால் 30,000 வரும். 3,600 இருந்தால் 45,000. பிறகு அதே மாதத்துக்குத் தன் ஈ.பி.எஃப். கணக்கில் இப்படி வகுத்து வந்த தொகையின் 20 வீதம் ஏறியிருக்கிறதா என்று ஒப்பிட வேண்டும். ஒரு மாதத்துப் பணம் அடுத்த மாத முடிவுக்குள் கட்டினால் போதும் என்பதால், கடைசி மாதம் காணவில்லையென்று பதற வேண்டாம். அதற்கு முந்திய மாதங்களில் இடைவெளி இருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.